பட்டதாரியைப் பெற்றவர்களுக்கு

பட்டம் வாங்கியாகிவிட்டது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த போட்டோ கூடத்துச் சுவரில் மாட்டியாகிவிட்டது. உத்தியோகம்தான் வந்தபாடில்லை. இந்த வாரம் நமக்கு வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கவலையைச் சொல்பவை. "எங்கள் காலத்தில் இப்படி இல்லையே!" என்பதுதான் எல்லாவற்றிலும் பல்லவி. வாஸ்தவம், இப்படி இல்லைதான். எது மாறியது, எப்படி மாறியது என்று தெரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: நான் 1986-ல் பி.எஸ்ஸி. முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். எட்டாவது வருஷம் கார்டு வந்தது. சர்க்கார் உத்தியோகம் பார்த்துக் கௌரவமாக ஓய்வும் பெற்றுவிட்டேன். என் மகன் 2024-ல் பி.இ. முடித்தான். "பதிந்துவிட்டுப் பொறுமையாக இரு" என்றால் கோபித்துக்கொள்கிறான். பொறுத்தவர் பூமி ஆள்வார் என்பது இந்தக் காலத்துக்குப் பொருந்தாதா?
— ஒரு தகப்பனார், விருதுநகர்

பதில்: பதிவது நல்லதுதான். இப்போது அதற்கு வெயிலில் வரிசையில் நிற்கவும் வேண்டாம், tnvelaivaaippu.gov.in என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். ஆனால் பதிந்துவிட்டுச் சும்மா காத்திருப்பது என்பதில்தான் உங்கள் மகன் சொல்வது சரி.

தங்கள் காலத்தில் நடந்தது என்ன? ஓர் ஆபீஸில் இடம் காலியானால், வேலைவாய்ப்பு அலுவலகத்திடம் பெயர்கள் கேட்பார்கள். அவர்கள் பதிவு மூப்பு வரிசைப்படி பெயர்களை அனுப்புவார்கள். ஆகவே வீட்டில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு வருஷமும் தாங்கள் வரிசையில் ஒரு படி முன்னேறிக்கொண்டிருந்தீர்கள். காத்திருப்பதே ஒரு சம்பாத்தியமாக இருந்தது. அந்தப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து மனுச் செய்கிறவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் சர்க்கார் வேலைகளில் பெரும்பாலானவை தேர்வாணையங்கள் நடத்தும் போட்டிப் பரீட்சை வழியாகவே நிரம்புகின்றன. அங்கே மூப்பைக் கேட்பதில்லை, மார்க்கைத்தான் கேட்கிறார்கள்.

தனியார் கம்பெனிகளிலோ கணக்கு தலைகீழ். புதுப் பட்டதாரிகளை எடுக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். "இன்ன வருஷம், இன்ன வருஷம் தேறியவர்கள் மட்டும்" என்று அநேகமாக இரண்டு வருஷங்களைத்தான் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த வருஷம் கடந்துவிட்டால் வாசல் மூடிவிடும். உள்ளே போக முடிந்தாலும், "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. அன்று காத்திருந்தால் மூப்பு ஏறியது. இன்று காத்திருந்தால் மதிப்பு இறங்குகிறது. இந்த ஒரு மாறுதலைப் புரிந்துகொண்டால் தங்கள் மகனின் கோபமும் புரியும்.

ஆகையால் அவன் செய்யவேண்டியது, அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைச் சம்பாதிப்பது. பட்டதாரிகளை ஒரு வருஷம் தொழிற்சாலைகளில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் மத்திய சர்க்கார் திட்டம் ஒன்று உண்டு. மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள்; முடிவில் சான்றிதழும் உண்டு. nats.education.gov.in என்ற தளத்தில் பதிய வேண்டும். தென் மாநிலங்களுக்கான காரியாலயம் சென்னை தரமணியில் இருக்கிறது. இல்லையேல் சம்பளம் குறைவானாலும் தன் படிப்புக்குப் பக்கத்திலுள்ள ஒரு வேலை. சர்க்கார் பரீட்சைதான் எழுதுவேன் என்றால், எத்தனை முறை எழுதுவது என்று இன்றே பேசி முடிவு செய்யுங்கள். பொறுத்திருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு அல்லவா?

கேள்வி: என் மகன் மெக்கானிக்கல் இஞ்சினீயர். மூன்று மாதத்தில் 150 கம்பெனிகளுக்கு மனு அனுப்பிவிட்டான். ஒருவரும் பதில் போடவில்லை. எங்கள் காலத்தில் "இடமில்லை" என்றாவது ஒரு கார்டு வரும். மனுவை யாராவது படிக்கிறார்களா, இல்லையா?
— ஒரு தகப்பனார், திண்டுக்கல்

பதில்: படிக்கிறார்கள். ஆனால் எல்லா மனுவையும் அல்ல. எல்லா வரியையும் அல்ல.

அந்தக் காலத்தில் மனு எழுதித் தபாலில் சேர்க்க ஒருவருக்கு ஒரு நாள் பிடிக்கும். அதனால் மனுக்கள் குறைவு. இன்று விரலால் ஒரு தட்டுத் தட்டினால் மனு போய்ச் சேர்ந்துவிடுகிறது. தங்கள் மகன் 150 அனுப்பினான் என்றால், அவனைப் போன்ற ஒவ்வொருவனும் 150 அனுப்பியிருக்கிறான். ஆகவே கம்பெனிக்காரர்கள் சல்லடை வைத்திருக்கிறார்கள்.

முதல் சல்லடை, மனுவோடு நிரப்பச் சொல்லும் படிவம். தேறிய வருஷம், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் பட்டத்திலும் வாங்கிய சதவிகிதம், பாக்கியிருக்கும் அரியர் என்று கேட்டிருப்பார்கள். பல கம்பெனிகள் மூன்றிலும் 60 சதவிகிதம் எதிர்பார்க்கின்றன. அதற்குக் கீழே எழுதியவர்களின் மனு மேலே போவதில்லை. இதை விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். படிக்காமல் அனுப்பினால் அனுப்பியது வீண்.

இரண்டாவது சல்லடை, தேடும் சொற்கள். வந்த மனுக்களெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்கும். ஆள் எடுக்கிற அதிகாரி, தமக்கு வேண்டிய சொல்லைப் போட்டுத் தேடுவார். அந்தச் சொல் எந்த மனுவில் இருக்கிறதோ அதுதான் அவர் கண்ணில் படும். அதையும் அவர் ஆற அமரப் படிப்பதில்லை. ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை "தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் பயிற்சி இஞ்சினீயர் தேவை, வெர்னியர், மைக்ரோமீட்டர் பழக்கம் வேண்டும், டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும்" என்று விளம்பரம் செய்கிறது என்று வையுங்கள். தங்கள் மகனின் மனுவில் என்ன இருக்கும்? தகப்பனார் பெயர், மதம், உயரம், பொழுதுபோக்கு கிரிக்கெட், "சவாலான பணியில் என் திறமையை வெளிப்படுத்த விரும்புகிறேன்" என்று நண்பனிடம் பார்த்து எழுதிய ஒரு வாக்கியம். 150 கம்பெனிக்கும் அதே காகிதம். அதில் வெர்னியரும் இல்லை, மைக்ரோமீட்டரும் இல்லை. ஆனால் அவன் கல்லூரியில் இரண்டையும் கையால் பிடித்து அளந்திருக்கிறான்!

அதைத்தான் எழுத வேண்டும். "கடைசி வருஷ ப்ராஜெக்டில் 40 உருளைகளின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, டிராயிங்கில் கொடுத்த அளவோடு ஒப்பிட்டேன், 6 உருளைகள் தேறவில்லை, லேத்தில் கருவி தேய்ந்திருந்ததே காரணம் என்று கண்டுபிடித்தோம்." இப்படி மூன்று வரி இருந்தால் தேடும்போதும் கிடைக்கும், அதிகாரி கூப்பிட்டால் பேசவும் விஷயம் இருக்கும். உண்மையில் செய்ததை மட்டுமே எழுத வேண்டும். நேர்முகத்தில் மேஜை மேல் மைக்ரோமீட்டரை வைத்து "படியுங்கள்" என்பார்கள்.

மனு ஒரு பக்கம் போதும். பூ வேலைப்பாடும் கட்டங்களும் வேண்டாம். கம்ப்யூட்டர் சில சமயம் அவற்றைக் குழப்பிப் படிக்கும். நாளைக்குப் பத்து மனு அனுப்புவதை விட, விளம்பரத்தைப் படித்துப் பொருத்தமாக இரண்டு அனுப்பட்டும். விளம்பரம் வந்த முதல் இரண்டு நாளுக்குள் அனுப்பட்டும்; போதிய ஆள் கிடைத்துவிட்டால் பிறகு வருவதை யாரும் திறப்பதில்லை.

இன்னொன்று: மனுவில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது? தங்களுடையதா? தெரியாத நம்பர் என்று தாங்கள் துண்டித்த அழைப்பு, ஒரு கம்பெனியிலிருந்து வந்ததாக இருக்கலாம். மகனின் நம்பரையே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பெண் வேலைக்கான பரீட்சையை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் எழுதினாள். பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று நடுவில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "உன்னால்தான் போச்சு" என்று இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஒரு டம்ளர் காபியால் ஒரு வேலை போகுமா?
— ஒரு தாயார், கும்பகோணம்

பதில்: போகலாம் அம்மா. காபியின் மேல் தவறில்லை. கதவைத் திறந்ததில்தான் சங்கடம்.

நம் காலத்தில் பரீட்சை ஹாலில் ஒரு வாத்தியார் உலாத்திக்கொண்டிருப்பார். இந்தப் பரீட்சையில் அந்த வாத்தியார் கம்ப்யூட்டரின் காமிராவுக்குள் இருக்கிறார். எழுதுகிறவரின் முகம், அறையில் கேட்கும் குரல், இன்னொருவர் தென்படுவது, கண் அடிக்கடி பக்கவாட்டில் போவது எல்லாம் பதிவாகும். இரண்டாவது முகம் தெரிந்தால் "யாரோ விடை சொல்லிக் கொடுக்கிறார்" என்று குறித்துக்கொள்ளும். சில பரீட்சைகளில் ஓர் எச்சரிக்கை வரும். சிலவற்றில் அத்தோடு பரீட்சையே முடிந்துவிடும். எழுதும்போது வேறு பக்கத்தைத் திறந்தாலும் இதே கதிதான்.

தங்கள் பெண்ணுக்கு அதனால்தான் போயிற்றா என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. இத்தகைய பரீட்சைகளில் கணக்கும் தர்க்கமும் ஆங்கிலமும் ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் என்ற வேகத்தில் வரும். தவறுபவர்கள் அநேகமாக நேரம் போதாமல்தான் தவறுகிறார்கள். ஆகவே முழுப் பழியையும் தாங்கள் சுமக்க வேண்டாம்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். பரீட்சைக்கு ஒரு மணி நேரம் முன்பே வயிற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, குக்கர் விசில், டெலிவிஷன், வாசலில் கீரைக்காரியோடு பேரம் எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் விடுமுறை கொடுங்கள். கரண்டு போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து, போன் வழியாக இன்டர்நெட் கிடைக்கும்படி ஏற்பாடு செய்துவைப்பது அப்பாவின் வேலை. வீட்டில் அது முடியாதென்றால், தெரிந்தவர் வீட்டில் ஓர் அமைதியான அறை கேட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வழியாக நேர்முகம் நடந்தாலும் இதே ஒழுங்குதான். பக்கத்தில் நின்று பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: என் மைத்துனர் மகன் சென்னையில் பெரிய சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். "ரெபர் செய்கிறேன் மாமா" என்றான். ஆறு மாதமாயிற்று; ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் என் பெரியப்பா. மானேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னார்; மறுநாள் போய்ச் சேர்ந்தேன். இவனுக்கு மனசில்லை என்றுதானே அர்த்தம்?
— ஒரு தகப்பனார், ஈரோடு

பதில்: அவசரப்பட்டு உறவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தங்கள் பெரியப்பா செய்தது சிபாரிசு. மருமகப் பிள்ளை செய்வதாகச் சொன்னது வேறு சரக்கு.

கம்பெனிக்குள் இருக்கும் ஓர் ஊழியர், தமக்குத் தெரிந்தவருடைய மனுவைக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் தம் பெயரோடு சேர்த்துப் பதிவதுதான் 'ரெபர்' செய்வது. பல கம்பெனிகள் இதை வரவேற்கின்றன; அப்படி வந்தவர் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் ஊழியருக்கு ஒரு தொகையும் கொடுக்கின்றன. இதனால் கிடைக்கும் லாபம், மனு குவியலுக்கு அடியில் போகாமல் ஒருவர் கண்ணில் படும் என்பது ஒன்றுதான். அதற்கப்புறம் பரீட்சையும் நேர்முகமும் மற்றவர்களுக்குப் போலவே. அந்தப் பையன் மானேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னாலும், மானேஜர் ஒருவராக வேலை கொடுத்துவிட முடியாது.

"எங்கள் பையனுக்கு ஏதாவது பார்" என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. குறிப்பிட்ட ஒரு காலி இடம் இருந்தால்தான் பதிய முடியும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே அது இருக்கும். தங்கள் மகனே பார்த்து, "இந்த நம்பர் இடத்துக்கு நான் பொருத்தமானவன் என்று நினைக்கிறேன்; என் மனு இதோ; பதிய முடியுமா, அத்தான்?" என்று எழுதட்டும். அவனுக்கு ஐந்து நிமிஷ வேலை. ஒன்று கவனம்: அதே இடத்துக்கு மகன் முன்பே நேராக மனுச் செய்துவிட்டால், சில கம்பெனிகளில் பிறகு ரெபர் செய்ய இடமில்லை. ஆகவே முதலில் கேட்பது, பிறகுதான் மனு.

தாங்கள் போன் செய்ய வேண்டாம். மாமா கேட்டால் மறுக்க முடியாமல் "சரி" என்பான். அந்தச் "சரி"யை நம்பி மாதங்கள் ஓடிவிடும்.

கேள்வி: என் மகன் தேறி இரண்டு வருஷமாகிவிட்டது. "இடைவெளி இருக்கிறது" என்று எல்லோரும் தள்ளுகிறார்கள். ஒரு கன்ஸல்டன்ஸிக்காரர் பெங்களூர்க் கம்பெனியில் பின்வாசல் வழியாக இடம் இருப்பதாகச் சொல்கிறார். 80,000 ரூபாய் டெபாசிட். சேர்ந்ததும் திரும்பி வந்துவிடுமாம். இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழும் அவரே தருவாராம். ஆர்டர்கூட ஈமெயிலில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். என் வளையல்களை அடகு வைக்கலாமா?
— ஒரு தாயார், கோவில்பட்டி

பதில்: வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை வந்து போகட்டும்.

பரீட்சை உண்டா? நேர்முகம் உண்டா? இரண்டும் இல்லாமல் ஆர்டர் வந்திருக்கிறது. ஆளைப் பார்க்காமல் சம்பளம் கொடுக்கிற கம்பெனி உலகத்தில் இல்லை. நியாயமாக ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கூலி கொடுப்பது அநேகமாகக் கம்பெனிதான். வேலைக்கு வருகிறவனிடம் டெபாசிட், லாப்டாப் பணம், பயிற்சிப் பணம் என்று கேட்டாலே சந்தேகப்பட வேண்டும். "இந்தத் தேதிக்குள்" என்று விரட்டுவது, விசாரிக்க நேரம் கொடுக்காமலிருக்கத்தான்.

விசாரிப்பது சுலபம். ஆர்டர் வந்த ஈமெயில் முகவரியில் @ என்ற குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனியின் சொந்தப் பெயர் இருக்க வேண்டும். gmail.com என்றிருந்தால், அல்லது கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்துக் கூடவோ குறையவோ இருந்தால், அது கம்பெனியின் கடிதம் அல்ல. பிறகு, ஆர்டரில் கொடுத்திருக்கும் நம்பருக்குப் போன் செய்யாமல், கம்பெனியின் சொந்தத் தளத்திலுள்ள நம்பருக்குச் செய்து, "இப்படி ஓர் ஆர்டர் அனுப்பினீர்களா?" என்று கேட்கட்டும். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்றும் பாருங்கள். தனி மனிதர் பெயரிலுள்ள கணக்கு என்றால் வேறு அத்தாட்சி வேண்டாம்.

அந்த அனுபவச் சான்றிதழ் டெபாசிட்டை விடப் பொல்லாதது. வேலை பார்த்தவருக்கு அநேகமாக மாதாமாதம் பிராவிடண்டு பண்டில் பணம் கட்டியிருப்பார்கள். யார் எந்த மாதம் கட்டினார்கள் என்பது, அவருக்கென்று உள்ள ஒரே நம்பரின் கீழ் வரிசையாக இருக்கும். சேர்ந்த பிறகும் கம்பெனிகள் இதையெல்லாம் சரிபார்க்கின்றன. காகிதத்தில் இரண்டு வருஷம், பண்டில் ஒரு மாதம்கூட இல்லை என்றால் வேலை போகும். ஏமாற்றினவன் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். இடைவெளிக்கு மன்னிப்பு உண்டு, பொய்க்கு இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் கடையில் கணக்கு எழுதினான், தங்கைக்குப் பாடம் சொன்னான், பரீட்சைக்குப் படித்தான் என்றால் அதை அப்படியே சொல்லட்டும். இப்போது ஒரு சிறு வேலையிலோ பயிற்சியிலோ சேர்ந்து அந்த இடைவெளி மேலும் வளராமல் நிறுத்தட்டும்.

பணத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களானால், கூச்சப்பட்டு மறைக்காமல் இன்றைக்கே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள், cybercrime.gov.in என்ற தளத்திலும் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு. அசல் சான்றிதழ்களை அவரிடம் கொடுத்திருந்தால் முதலில் அவற்றைத் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் போலீஸில் எழுதிக் கொடுங்கள்.

வளையல்கள் தங்கள் கையிலேயே இருக்கட்டும், அம்மா.